பொம்மை விற்கவில்லை, பொம்மையின் வடிவம் விற்கிறார்கள்!

கடையில் பொம்மை வாங்கினால் கையில் பொம்மை வரும். ஆனால் மூன்று டாலர் கொடுத்து, கையில் ஒன்றுமே வாங்காமல் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது வெறும் வடிவம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வடிவம். பொம்மையை அவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்!

எப்படி?

அதற்கு ஓர் எந்திரம் இருக்கிறது. முப்பரிமாண அச்சு எந்திரம் என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள பொருளை அது அச்சடிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் கம்பியைச் சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை ஊசிமுனை போன்ற குழாய் வழியாகப் பிழியும். முறுக்கு பிழிகிற மாதிரிதான். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடுக்கின் கனமும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சின்னப் பொம்மை முடியச் சில மணி நேரம் ஆகும்.

இந்த முறைக்கு அமெரிக்காவில் ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. 2009-ல் அது காலாவதி ஆயிற்று. அதற்குப் பிறகு விலை மளமளவென்று சரிந்தது. எந்திரம் வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காக வாங்கியவர்கள். அவர்களுக்கு அச்சடிக்கத் தெரியும். வடிவம் வரையத் தெரியாது. வரையத் தெரிந்தவர்களுக்கு அங்கேதான் வியாபாரம் பிறந்தது.

வால் ஆட்டும் பல்லி

இந்தச் சந்தையில் நன்றாக ஓடும் சரக்கு, மூட்டு மூட்டாக ஆடும் பொம்மை. பல்லி, பாம்பு, டிராகன் என்று எத்தனையோ. எந்திரத்திலிருந்து எடுத்ததும் உடம்பு வளையும், வால் ஆடும். ஆணி கிடையாது; பசை கிடையாது. எல்லாத் துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தபடியே அச்சாகி வரும்.

பார்த்தால் விளையாட்டு. வரைகிறவருக்கோ தலைவலி!

ஒருவர் 150 மில்லிமீட்டர் நீளத்தில் பல்லி வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் குமிழ், அடுத்த துண்டின் குழிக்குள் உட்கார வேண்டும். குமிழுக்கும் குழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? அதில்தான் அவருடைய பிழைப்பே இருக்கிறது.

0.2 மில்லிமீட்டர் விட்டால், உருகிய பிளாஸ்டிக் இரண்டையும் ஒட்டிவிடும். பல்லி கட்டை போல விறைத்துக்கொண்டு கிடக்கும். 0.8 விட்டால் மூட்டு தொளதொளவென்று ஆடும். வால் கழன்றுகூட விழும். 0.3 முதல் 0.5 வரை விட்டால் பெரும்பாலான எந்திரங்களில் சரியாக வரும். எனவே நமது வடிவமைப்பாளர் 0.4 என்று வைக்கிறார்.

அதோடு தீர்ந்ததா? இல்லை. முதல் அடுக்கு, தட்டின் மேல் அழுந்தி ஒட்டவேண்டும். அப்படி அழுந்தும்போது பிளாஸ்டிக் பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கும். அடி மட்டும் வீங்கியது போலத் தெரியும். அச்சடிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே யானைக்கால்! மூட்டின் மேல் பகுதி விலகி இருந்தாலும், அடியில் பிதுங்கிய இடம் பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு துண்டின் அடி விளிம்பையும் அரை மில்லிமீட்டர் சாய்வாகச் சீவி வரைகிறார்கள். பிதுங்கினாலும் அந்தச் சீவிய இடத்துக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு ஆபத்து, வாங்குகிறவர் ரூபத்தில் வருகிறது. அவர் பிள்ளை, குட்டிப் பல்லி வேண்டும் என்கிறது. அவர் வடிவத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சடிக்கிறார். பல்லி சுருங்கும்போது இடைவெளியும் சேர்ந்து சுருங்குமே! 0.4 போய் 0.2 ஆகிறது. எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. “ஏமாற்றிவிட்டீர்கள்” என்று கடிதம் வருகிறது.

அனுபவசாலிகள் “நூற்றுக்கு 80-க்குக் கீழே சுருக்காதீர்கள்” என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். குட்டிப் பல்லியையும் தனியாக வரைந்து, கூடவே கொடுத்துவிடுகிறார்கள். அதில் உடம்பு சிறியது. இடைவெளி அதே 0.4.

அளவுக்கு மேல் வரம்பும் உண்டு. சில வீட்டு எந்திரங்களின் தட்டு 220 மில்லிமீட்டர் சதுரம். சில சிறிய எந்திரங்களில் 180-தான். 200 மில்லிமீட்டர் நீளப் பல்லியை நேராக வரைந்தால், சின்ன எந்திரத்தின் தட்டில் நேர்வாக்கில் அடங்காது. பல்லியைச் சுருட்டி வைத்தபடி வரைந்தால் அவரும் வாங்குவார்!

முக்கோணத்தால் ஆன பல்லி

வரைந்தாயிற்று. இனி அதைக் கோப்பாக மாற்றி விற்கவேண்டும். கோப்பு என்பது கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் தகவல் கட்டு. ஃபைல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான்.

இந்தத் தொழிலில் மிகப் பழைய கோப்பு வகைக்கு எஸ்.டி.எல். என்று பெயர். 1987-ல் வந்தது. அமெரிக்காவில் சக் ஹல் என்பவர் தொடங்கிய 3டி சிஸ்டம்ஸ் கம்பெனிக்காக உண்டாக்கப்பட்டது. பிறந்து 35 ஆண்டு தாண்டியும் இன்றும் ஆட்சி செய்கிறது!

அதற்குள் என்ன இருக்கிறது? முக்கோணங்கள். வேறு ஒன்றும் இல்லை. பல்லியின் முதுகு, கண், நகம் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் மூடப்பட்ட தோல்தான். ஒரு முக்கோணத்தை அது இப்படித்தான் எழுதி வைக்கிறது:

```
facet normal 0 0 1
  outer loop
    vertex 0 0 0
    vertex 10 0 0
    vertex 0 10 0
  endloop
endfacet
```

முதல் வரி, முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறது. பிறகு வரும் மூன்று `vertex` வரிகளும் மூன்று மூலைகள்.

இதில் 10 என்று இருக்கிறதே, அது 10 என்ன? மில்லிமீட்டரா? அங்குலமா? எங்கும் எழுதவில்லை! எஸ்.டி.எல். கோப்பில் அளவுக்கு எண் உண்டு, அலகு கிடையாது.

இதனால் வருகிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. அங்குலத்தில் வரைகிறவரின் 150 மில்லிமீட்டர் பல்லி, கோப்பில் 5.9 என்று பதிவாகிறது. வாங்கியவரின் கம்ப்யூட்டர் அதை 5.9 மில்லிமீட்டர் என்று படிக்கிறது. பல்லிக்குப் பதில் தட்டின் நடுவே எறும்பு! இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பொருள் 25.4 மடங்கு சின்னதாகத் தெரிந்தால், அங்குலத்தில் வந்த வினை. ஒரு அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் அல்லவா? ஆயிரம் மடங்கு சின்னதாக இருந்தால், மீட்டரில் வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

2015-ல் 3எம்.எஃப். என்ற புதிய வகை வந்தது. அதில் அலகும் இருக்கும், நிறமும் இருக்கும். ஆனாலும் விற்பவர்கள் எஸ்.டி.எல். கோப்பை விடவில்லை. எந்தப் பழைய எந்திரக்காரரும் அதைத் திறந்துவிடுவார் என்ற தைரியம்தான். பலர் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ஸ்டெப் என்று மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அது முக்கோணத் தோல் அல்ல. உண்மையான வளைவு, துளை, விளிம்பு எல்லாம் கணக்காக அதில் இருக்கும். வாங்கியவர் அதைத் திறந்து, துளையைப் பெரிதாக்கலாம். பெயரை மாற்றிச் செதுக்கலாம். தைத்த சட்டைக்கும், வெட்டுக் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். எந்தத் தையல்காரர் வெட்டுக் காகிதத்தைத் தருவார்? பொம்மை விற்பவர்களும் ஸ்டெப் கோப்பைப் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

தோலில் ஓட்டை

முக்கோணத்தை எத்தனை வைப்பது? ஒரு கனசதுரத்துக்கு ஆறு முகம். முகத்துக்கு இரண்டாக 12 முக்கோணம் போதும். பல்லியின் வளைந்த முதுகுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். குறைவாக வைத்தால் முதுகு வெட்டுவெட்டாகத் தெரியும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. சுருக்கமாக எழுதும் எஸ்.டி.எல். கோப்பில் ஒரு முக்கோணம் 50 பைட் இடம் பிடிக்கிறது. நாலு லட்சம் முக்கோணம் என்றால் 2 கோடி பைட். அதாவது 20 மெகாபைட். எட்ஸி என்ற அமெரிக்கச் சந்தையில் ஒரு கோப்புக்கு அதுதான் உச்ச வரம்பு. ஆசைக்கு ஐம்பது லட்சம் முக்கோணம் வைத்தால் 250 மெகாபைட் ஆகும். வாங்கியவரின் கம்ப்யூட்டர் திணறும். பொம்மையிலோ ஒரு அழகும் கூடாது. பிழியும் குழாயின் வாயே 0.4 மில்லிமீட்டர். அதைவிட நுணுக்கமாக எழுதி வைத்து என்ன பயன்?

எண்ணிக்கையைவிட முக்கியம், தோல் மூடியிருப்பது. ஒவ்வொரு முக்கோணத்தின் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் அங்கே ஓட்டை. மூன்று இருந்தால் உள்ளே தேவையில்லாத சுவர். இரண்டில் எது இருந்தாலும் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று எந்திரத்துக்குத் தெரியாது. பல்லியின் வயிற்றைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விடும்!

அச்சடிக்கும் முன், வடிவத்தை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்று உண்டு. விற்பவர் அதில் கடைசி அடுக்குவரை நகர்த்திப் பார்த்தால் போதும். நடுவில் ஓர் அடுக்கு காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் படத்தை மட்டும் அழகாகப் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாவது பல்லியை விற்பது கஷ்டம்.

வாங்கியது என்ன உரிமை?

மூன்று டாலர் கொடுத்தவர் பல்லியை எத்தனை அச்சடிக்கலாம்? பிள்ளைக்கு ஒன்று அடிக்கலாம். பக்கத்து வீட்டுக்குப் பரிசாக ஒன்று கொடுக்கலாம். நூறு அச்சடித்துத் திருவிழாவில் கடை போடலாமா?

அதை முடிவு செய்வது உரிமம். லைசென்ஸ் என்பார்களே, அதுதான். சாதாரணமாக விற்பது சொந்த உபயோக உரிமம். அச்சடித்துக்கொள்ளலாம், விற்கக்கூடாது, கோப்பை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. அச்சடித்த பொம்மையை விற்க ஆசைப்படுகிறவருக்குத் தனி உரிமம். அதைப் பலர் மாதச் சந்தாவாக வைக்கிறார்கள். சந்தா நின்ற மாதமே கடையும் நிற்கவேண்டும்.

இலவசமாகக் கொடுக்கப்படும் வடிவங்களுக்கும் நிபந்தனை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு, 2002 முதல் பொதுவான உரிமங்களை எழுதிக் கொடுத்துவருகிறது. படைத்தவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியாபாரம் செய்யக்கூடாது என்பது இன்னொன்று. மாற்றியமைத்து வெளியிடக்கூடாது என்பது மற்றொன்று. வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை கொடுத்துவிட்டால், வாங்கியவரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது. புதிதாக விற்க வருகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் ஒரு வழக்கு போலக் கிளம்பிய விவகாரம் இந்த உலகத்தையே கலக்கியது. லூபி என்ற பெயரில் வரையும் பெண் ஒருவர், ஏரியா என்ற டிராகனை வரைந்து இலவசமாகக் கொடுத்திருந்தார். வியாபாரம் கூடாது என்பது நிபந்தனை. ஒரு நாள் பார்த்தால், ஈபே என்ற சந்தையில் அவருடைய டிராகன் விலைக்கு நிற்கிறது! அவருடையது மட்டுமல்ல. இன்னும் பலர் இலவசமாகக் கொடுத்த வடிவங்கள், அவர்கள் எடுத்த படங்களோடு அப்படியே கடையில் இருந்தன.

லூபி கேட்டார். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “ஊரறிய வெளியிட்டுவிட்டால் அது பொதுச் சொத்து” என்கிற பாணியில் வாதாடினார்!

அது தவறான வாதம். தெருவில் கோலம் போட்டதால் தெருவில் போகிறவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியுமா? வடிவமைப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அந்தச் சரக்கு ஈபேயிலிருந்து இறங்கியது.

மாற்றக்கூடாது என்ற நிபந்தனைக்கும் ஒரு கதை உண்டு. 2015-ல் சுவீடன் நாட்டில் பெஞ்சி என்ற குட்டிப் படகு வெளியிடப்பட்டது. நீளம் 60 மில்லிமீட்டர். எந்திரம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, உலகமெல்லாம் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். அதன் உரிமத்தில் மாற்றக்கூடாது என்று இருந்தது. யார் கேட்டார்கள்? படகுக்குச் சக்கரம் வைத்தார்கள், கால் வைத்தார்கள். பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

2025 ஜனவரியில் ஒரு புகார் போயிற்று. பிரிண்டபிள்ஸ் என்ற தளம், மாற்றிய படகுகளை எடுத்துவிட்டது. பெரும் கூச்சல் எழுந்தது. படகின் உரிமை அதற்குள் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அந்த நிறுவனம் அடுத்த மாதமே, படகு பொதுச் சொத்து என்று அறிவித்துவிட்டது. கால் முளைத்த படகுகளுக்கு உயிர் வந்தது!

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சினிமா கதாநாயகனின் முகமூடியை வரைந்து விற்கிறவர்கள் உண்டு. வரைந்த உழைப்பு அவர்களுடையதுதான். ஆனால் பாத்திரம் படக் கம்பெனியுடையது. புகார் வந்தால் சந்தைக்காரர் சரக்கை இறக்கிவிடுவார். பல்லிக்கு அந்தப் பயம் கிடையாது.

கமிஷன் கணக்கு

இனி காசு. பல்லியின் விலை 3 டாலர். வரைந்தவருக்கு எவ்வளவு வரும்?

பிரான்சில் கல்ட்ஸ் என்ற சந்தை இருக்கிறது. வடிவங்களுக்கென்றே உள்ள சந்தை அது. வரி போக வரும் விலையில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொண்டு, 80-ஐ வரைந்தவருக்குக் கொடுக்கிறது. வரியை விட்டுப் பார்த்தால், 3 டாலரில் 2 டாலர் 40 சென்ட் கைக்கு வரும்.

எட்ஸியில் கமிஷன் நூற்றுக்கு 6.5-தான். 2022 ஏப்ரல் வரை 5 ஆக இருந்தது. “அடடே, 20 எங்கே, 6.5 எங்கே!” என்று பலர் அங்கே ஓடுகிறார்கள். ஆனால் கமிஷனைத் தவிர வேறு பிடிப்பும் உண்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் சரக்கைப் பட்டியலில் வைக்க 20 சென்ட். பணம் வாங்கிக் கொடுக்க, அமெரிக்க விற்பனையாளரிடம் நூற்றுக்கு 3-ம், அதற்கு மேல் 25 சென்ட்டும்.

கூட்டிப் பாருங்கள். பட்டியலுக்கு 20 சென்ட். கமிஷன் கிட்டத்தட்ட 20 சென்ட். பணம் வாங்கும் கூலி 9-ம் 25-ம் சேர்ந்து 34 சென்ட். மொத்தம் 74 சென்ட் போயிற்று. மீதி 2 டாலர் 26 சென்ட். கல்ட்ஸ் கொடுப்பதைவிடக் குறைவு!

விலை ஒரு டாலராக இருந்தால் இன்னும் வேடிக்கை. எட்ஸியில் 54.5 சென்ட் பிடித்தம். பாதிக்கு மேல் சந்தைக்கே போகிறது! கல்ட்ஸில் 20 சென்ட்தான் போகும்.

பத்து டாலர் என்றால் கணக்கு தலைகீழ். எட்ஸியில் 1 டாலர் 40 சென்ட் போய், 8 டாலர் 60 சென்ட் நிற்கும். கல்ட்ஸில் 8 டாலர்.

காரணம் எளிது. பட்டியல் கூலி 20 சென்ட், பணக் கூலி 25 சென்ட் ஆகிய 45 சென்ட்டும் நிலையான பிடித்தம். விலை என்னவானாலும் அது மாறாது. சின்ன விலையை அது விழுங்கிவிடும். பெரிய விலையில் அது தெரியாது. இரண்டு சந்தையும் சமமாகும் இடம் சுமார் 4 டாலர் 30 சென்ட். அதற்குக் கீழே கல்ட்ஸ் லாபம். மேலே எட்ஸி லாபம்.

எட்ஸியில் இன்னொரு பிடித்தமும் உண்டு. சந்தைக்காரர் வெளியே விளம்பரம் செய்து, அதைப் பார்த்து ஒருவர் வாங்கினால், சிறு விற்பனையாளரிடம் நூற்றுக்கு 15 கேட்கிறார். 3 டாலர் பல்லியில் இன்னும் 45 சென்ட் போய், 1 டாலர் 81 சென்ட் மிஞ்சும். சிறு விற்பனையாளர் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். விலகலாம் என்று தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

இந்தக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், எட்ஸியில் பல்லியைத் தனியாக விற்பதில்லை. பல்லி, குட்டிப் பல்லி, பாம்பு, ஆமை, தவளை என்று ஐந்தையும் ஒரே கட்டாக்கி 10 டாலருக்கு வைக்கிறார்கள். ஒரு பட்டியலில் ஐந்து கோப்பு வரை வைக்க எட்ஸி இடம் கொடுக்கிறது. அதே பல்லியைத் தனியாகக் கேட்பவருக்குக் கல்ட்ஸில் 3 டாலருக்கு வைத்துவிடுகிறார்கள்.